படத்தில் வந்த வாக்காளர் பதிவு அறிவிப்பு: முதல்முறை வாக்காளருக்காக அதைத் தமிழாக்கிய விதம்

சென்னையில் ஒரு கல்லூரி விடுதியின் அறிவிப்புப் பலகையில் ஒரு பக்க ஆங்கில அறிவிப்பு. அதைக் கைபேசியில் படமெடுத்து அனுப்பியிருக்கிறார் ஒரு மாணவி. பிறந்த தேதி 14.03.2007. சொந்த ஊர் திருவண்ணாமலை மாவட்டம் செய்யாறு பக்கம். அவர் கேட்டது மூன்றே கேள்விகள்: எனக்கு இது பொருந்துமா, எந்தத் தேதிக்குள் கொடுக்க வேண்டும், கையில் என்னென்ன வேண்டும்.

மாணவி என்று இங்கே குறிப்பிடுவது ஒரே ஒருவரை அல்ல. இப்படி வரும் படங்களில் அடிக்கடி தட்டுப்படும் சிக்கல்களை ஓரிடத்தில் சேர்த்து அமைத்த நிகழ்வு இது. தேதிகளும் விதிகளும் மட்டும் உண்மையானவை. 01.01.2025-ஐத் தகுதி ஏற்படுத்தும் நாளாகக் கொண்டு தமிழ்நாட்டில் நடந்த வாக்காளர் பட்டியல் சிறப்பு சுருக்கமுறைத் திருத்தத்தின் கால அட்டவணைதான் அந்த அறிவிப்பில் இருந்தது.

முதலில் படத்தைப் படிப்பது

மொழிபெயர்ப்பைத் தொடங்கும் முன்பே பாதித் தவறுகள் நடந்து முடிந்துவிடும், படத்தைப் படிக்கும்போதே. கண்ணாடிக் கதவு போட்ட பலகை என்பதால் குழல் விளக்கின் வெளிச்சம் தாளின் குறுக்கே ஒரு வெள்ளைப் பட்டையாக விழுந்திருந்தது. பக்கவாட்டில் நின்று எடுத்த படம் என்பதால் வலது ஓரத்து எழுத்துகள் நெருங்கிப்போயிருந்தன. கீழே அலுவலக முத்திரை இரண்டு வரிகளின் மேல் ஏறியிருந்தது. தலைப்பு வரியின் மேற்பகுதி படத்தில் விழவே இல்லை.

இதில் உண்மையாகவே ஆபத்தான இடம் எண்கள்தான். சொல் ஒன்று மங்கினால் வாக்கியம் அதைக் காட்டிக்கொடுக்கும். எண் மங்கினால் எதுவும் காட்டிக்கொடுக்காது. இந்தப் படத்தில் சிறப்பு முகாம் நாட்கள் இருந்த வரியில் முதல் தேதி 16.11.2024 போலவும் இருந்தது, 18.11.2024 போலவும் இருந்தது. படத்தைப் பெரிதாக்கினால் இன்னும் குழம்பியது. ஏனென்றால் வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பும்போது கோப்பு சுருக்கப்பட்டு, 6-ன் திறந்த வாயும் 8-ன் மூடிய வாயும் ஒரே சாம்பல் புள்ளியாகிவிடும்.

இதற்கு ஊகம் உதவாது, கிழமை உதவும். அதே வரியில் அடைப்புக்குறிக்குள் சனி, ஞாயிறு என்று இருந்தது. 2024 நவம்பர் 16 சனிக்கிழமை, 18 திங்கட்கிழமை. ஆகவே 16. அடுத்த நாள் 17 ஞாயிறு. தொடர்ந்து வந்த 23, 24 இரண்டும் சனி, ஞாயிறு. நான்கு தேதிகளும் ஒன்றோடொன்று பொருந்துகின்றன. அறிவிப்பில் கிழமை கொடுத்திருந்தால் ஒவ்வொரு தேதியையும் நாட்காட்டியோடு ஒருமுறை வைத்துப் பார்ப்பது ஒரு நிமிட வேலை. அந்த ஒரு நிமிடம் பேருந்துச் செலவையும் ஒரு நாள் வகுப்பையும் காப்பாற்றும்.

படிவ எண்ணுக்கும் இதே கதைதான், ஆனால் அங்கே கிழமை துணைக்கு வராது. படிவம் 6 புதிதாகப் பெயர் சேர்க்க. படிவம் 7 பெயர் சேர்ப்பதை ஆட்சேபிக்க அல்லது இருக்கும் பெயரை நீக்க. படிவம் 8 முகவரி மாற்றம், திருத்தம், அட்டை மாற்று போன்றவற்றுக்கு. 6 என்பதை 8 என்று படித்துவிட்டால் முதல்முறை வாக்காளர் தவறான தாளை நிரப்பிக்கொண்டு போய் நிற்பார். இங்கே எண்ணைப் பக்கத்திலிருந்த விளக்கத்தோடு சேர்த்துத்தான் உறுதி செய்ய வேண்டும். விளக்கம் புதிய வாக்காளர் என்று சொன்னால் அது 6. 6-உடன் ஆங்கில எழுத்து ஒட்டியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். 6ஏ வெளிநாட்டில் வாழும் இந்தியருக்கு. 6பி ஏற்கெனவே பட்டியலில் இருப்பவர் ஆதார் எண்ணைத் தெரிவிக்க.

தலைப்பு வெட்டுப்பட்டதைச் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. எந்த ஆண்டுக்கான திருத்தம் என்பது அங்கேதான் இருக்கும். அதனால் இரண்டாவது படம் கேட்க வேண்டியிருந்தது. கேட்கும்போது தெளிவாக எடுத்து அனுப்புங்கள் என்றால் அதே போன்ற இன்னொரு படம்தான் வரும். செய்ய வேண்டியதைச் சொல்லிக் கேட்க வேண்டும்: ஃபிளாஷை அணைத்துவிட்டு, தாளுக்கு நேர் எதிரே நின்று, மேல் பாதி ஒரு படம், கீழ் பாதி ஒரு படம். நான்கு ஓரமும் தெரிய வேண்டும். வாட்ஸ்அப்பில் டாக்குமெண்டாக அனுப்ப வேண்டும். மாணவி அப்படியே அனுப்பினார், தலைப்பும் ஆண்டும் கிடைத்தன. முத்திரைக்கு அடியில் இருந்த ஒரு தொலைபேசி எண் மட்டும் கடைசி வரை தெளியவில்லை. அதை நிரப்பக் கூடாது. தமிழாக்கத்தில் அந்த இடத்தில் ‘படத்தில் தெளிவில்லை’ என்று எழுதி விட்டோம்.

எல்லாம் தொங்கும் ஒரு வரி

இந்த அறிவிப்பில் மாணவியின் கேள்விக்கு விடை சொல்லும் வரி ஒன்றுதான். குவாலிஃபையிங் டேட் 01.01.2025 என்ற வரி. அதற்கு அரசு அறிவிப்புகளில் வழங்கும் தமிழ், தகுதி ஏற்படுத்தும் நாள். சொல் சரியானதே. ஆனால் முதல்முறை படிப்பவர் அதை விண்ணப்பிக்கத் தகுதியான நாள் என்றோ, விண்ணப்பிக்கக் கடைசி நாள் என்றோ எடுத்துக்கொள்கிறார். அது இரண்டும் இல்லை. வயதைக் கணக்குப் பார்க்கும் நாள் அது. அந்த நாளில், அல்லது அதற்கு முன்பே, 18 வயது நிறைந்திருக்க வேண்டும் என்பதுதான் பொருள்.

நேரடியாகத் தமிழாக்கினால் இந்த மாணவிக்குக் கிடைக்கும் விடை, உனக்குத் தகுதியில்லை என்பதே. அவருக்கு 18 நிறைவது 14.03.2025 அன்று. ஜனவரி 1 தாண்டிவிட்டது. பலர் இந்த இடத்தில் படத்தை மூடிவிட்டு அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள்.

அறிவிப்பின் கீழ்ப் பகுதியில், சிறிய எழுத்தில், இன்னொரு வரி இருந்தது: 1 ஏப்ரல், 1 ஜூலை, 1 அக்டோபர் 2025 தேதிகளில் 18 வயது நிறைபவர்கள் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். முதல் படத்தில் வெளிச்சப் பட்டை விழுந்திருந்தது சரியாக இந்த வரியின் மேல்தான். 2022 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறைக்கு வந்த மாற்றம் இது. அதற்கு முன் ஆண்டுக்கு ஒரே தகுதி நாள், ஜனவரி 1. ஜனவரி 2-ல் பிறந்தவர் ஏறக்குறைய ஓராண்டு காத்திருக்க வேண்டும். இப்போது ஆண்டுக்கு நான்கு நாட்கள்: ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1. பழைய விதியிலேயே வளர்ந்த வீட்டுப் பெரியவர்கள், ஜனவரிக்குள் வயது ஆகவில்லை என்றால் முடியாது என்று உறுதியாகச் சொல்வதற்குக் காரணமும் இதுவே.

ஆகவே இந்த வரியைத் தமிழில் கொடுக்கும்போது சொல்லோடு நிறுத்தாமல், பிறந்த தேதியாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். வயதைக் கணக்குப் போடச் சொன்னால் தவறும். பிறந்த தேதியைத் தேடச் சொன்னால் தவறாது.

01.01.2007 அன்றோ அதற்கு முன்போ பிறந்தவர்: தகுதி நாள் 01.01.2025.
02.01.2007 முதல் 01.04.2007 வரை பிறந்தவர்: 01.04.2025.
02.04.2007 முதல் 01.07.2007 வரை: 01.07.2025.
02.07.2007 முதல் 01.10.2007 வரை: 01.10.2025.

மாணவி இரண்டாவது வரியில் வருகிறார். ‘அன்றோ அதற்கு முன்போ’ என்பதில் கவனம் வேண்டும். 01.01.2007-க்கு முன் பிறந்தவர்கள் என்று எழுதிவிட்டால் சரியாக அந்த நாளில் பிறந்தவர் வெளியே தள்ளப்படுகிறார். ஜனவரி 1 அன்று பிறந்ததாகப் பள்ளிச் சான்றிதழில் பதிவானவர்கள் நம் ஊரில் கொஞ்ச நஞ்சமல்ல.

இந்த வரியிலிருந்து கிளைக்கும் ஒரு விளைவையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். முன்கூட்டியே கொடுக்கும் விண்ணப்பம், அந்தத் தகுதி நாள் வந்த பிறகுதான் முடிவு செய்யப்படும். அதாவது மாணவி நவம்பரில் படிவம் கொடுத்தாலும், 06.01.2025 அன்று வெளியாகும் இறுதிப் பட்டியலில் அவர் பெயர் இருக்காது. ஏப்ரலுக்குப் பிறகே சேரும். இதைச் சொல்லாமல் விட்டால் ஜனவரியில் பட்டியலைத் தேடிப் பார்த்து, பெயர் இல்லை, நிராகரித்துவிட்டார்கள் என்று முடிவு கட்டி, இன்னொரு படிவம் 6 கொடுப்பார். ஒரே ஆளின் இரண்டு விண்ணப்பங்கள் அலுவலகத்தில் ஒன்றையொன்று சிக்கலாக்கும்.

சொல்லுக்குச் சொல் போட்டால் திசை மாறும் இடங்கள்

அறிவிப்பில் கிளெய்ம்ஸ் அண்ட் அப்ஜெக்ஷன்ஸ் 29.10.2024 முதல் 28.11.2024 வரை என்று இருந்தது. கோரிக்கைகள் மற்றும் ஆட்சேபணைகள் என்பது வழக்கமான தமிழ். படிக்கும் மாணவிக்கு, நான் எந்தக் கோரிக்கையும் வைக்கவில்லை, யாரையும் ஆட்சேபிக்கவும் இல்லை, இது எனக்கில்லை என்று தோன்றும். உண்மையில் புதிதாகப் பெயர் சேர்க்கக் கொடுக்கும் படிவம் 6-தான் அந்தக் ‘கோரிக்கை’. அவர் தேடும் கடைசித் தேதி இந்த வரிக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. ஆகவே தமிழாக்கத்தில், ‘பெயர் சேர்க்க, நீக்க, திருத்த விண்ணப்பம் கொடுக்கும் காலம்’ என்று முதலில் எழுதி, அரசு வழக்குச் சொல்லை அதன் பின் கொடுத்தோம். அலுவலகத்திலும் சுவரொட்டியிலும் அவர் கண்ணில் படப்போவது அந்தச் சொல்தான் என்பதால் அதை விட்டுவிடவும் கூடாது.

டிஸ்போசல் என்ற சொல் 24.12.2024-க்கு நேரே இருந்தது. கைபேசியில் தானாக மொழிபெயர்க்கும் செயலிகள் இதை ‘அகற்றல்’ என்றும் ‘அப்புறப்படுத்தல்’ என்றும் தருவதுண்டு. விண்ணப்பங்களைத் தூக்கிப்போடும் நாள் என்று படிப்பவர் நினைத்தால் அவர்மேல் குற்றமில்லை. விண்ணப்பங்களை விசாரித்து ஏற்பதா மறுப்பதா என முடிவு செய்யும் கடைசி நாள் என்பதே பொருள்.

வாக்குச்சாவடிகளில் சிறப்பு முகாம் என்ற வரியில் சிக்கல் சொல்லில் இல்லை, சொல் எழுப்பும் படத்தில். வாக்குச்சாவடி என்றதும் வாக்குப்பதிவுதான் நினைவுக்கு வரும். முதல்முறை வாக்காளர்கள் இந்த நான்கு நாட்களைத் தேர்தல் நாள் என்று எண்ணிக் கேட்பது உண்டு. ‘வாக்களிக்கும் நாள் அல்ல, படிவம் வாங்கவும் கொடுக்கவும் அலுவலர் அங்கே இருக்கும் நாள்’ என்று அதே வரியிலேயே எழுதிவிட வேண்டும். அடிக்குறிப்பில் போட்டால் யாரும் படிப்பதில்லை.

எந்த வாக்குச்சாவடி என்பதும் அந்த வரியில் இல்லை. அறிவிப்பு ஒட்டியிருந்த கல்லூரிக்குப் பக்கத்துப் பள்ளி என்று மாணவி நினைத்திருந்தார். எந்த முகவரியில் பெயர் சேர்க்கப்போகிறாரோ அந்த முகவரிக்குரிய வாக்குச்சாவடிதான் சரி. அது அடுத்த கேள்விக்குக் கொண்டுபோகிறது.

விடுதியா, வீடா

ஆர்டினரிலி ரெசிடென்ட் என்ற தொடருக்கு ‘வழக்கமாக வசிப்பவர்’ என்பது சரியான தமிழ். 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு அதை விளக்குகிறது. விடுதி மாணவருக்கு வழக்கமாக வசிக்கும் இடம் எது? தேர்தல் ஆணையத்தின் நடைமுறைப்படி அவர் தெரிவு செய்துகொள்ளலாம்: பெற்றோரின் வீட்டு முகவரி, அல்லது படிக்கும் இடத்தில் விடுதி முகவரி. ஏதாவது ஒன்று மட்டும். விடுதி முகவரி என்றால் படிப்பு அங்கீகாரம் பெற்றதாகவும் குறைந்தது ஓராண்டுக் காலம் உடையதாகவும் இருக்க வேண்டும், கல்வி நிறுவனத் தலைவரின் சான்றும் வேண்டும்.

மொழிபெயர்ப்பாளர் இதில் முடிவு சொல்லக் கூடாது. இரண்டின் விளைவையும் சொல்லலாம். வீட்டு முகவரியில் சேர்த்தால் ஆதார் முகவரியும் அதுவே, பெற்றோர் ஏற்கெனவே வாக்காளர் பட்டியலின் அதே பாகத்தில் இருக்கிறார்கள், சரிபார்ப்பு எளிது. ஆனால் வாக்களிக்க ஊருக்குப் போக வேண்டும், அலுவலர் வீட்டுக்கு வரும்போது விவரம் சொல்ல யாராவது இருக்க வேண்டும். விடுதி முகவரியில் சேர்த்தால் நடந்துபோய் வாக்களிக்கலாம். ஆனால் படிப்பு முடிந்து வெளியேறியதும் படிவம் 8 கொடுத்து மாற்ற வேண்டும். மாணவி வீட்டு முகவரியைத் தெரிவு செய்தார்.

இரண்டு இடத்திலும் கொடுத்துவைத்தால் எது முதலில் வருகிறதோ வரட்டும் என்று சொல்லும் நண்பர்கள் உண்டு. படிவம் 6-ல் கையெழுத்திடும் உறுதிமொழியே, வேறெந்தத் தொகுதியிலும் என் பெயர் இல்லை என்பதுதான். தெரிந்தே பொய்யான உறுதிமொழி தருவது அதே சட்டத்தின் 31-ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் விதிக்கத்தக்க குற்றம். இந்த உறுதிமொழிப் பகுதியைத் தமிழாக்காமல் ‘கீழே கையெழுத்திடவும்’ என்று மட்டும் சொல்லிக்கொடுப்பது பெரும் பிழை.

ஆவணப் பட்டியல்: ‘அல்லது’ எங்கே, ‘மற்றும்’ எங்கே

அறிவிப்பில் ஆவணங்கள் காற்புள்ளி போட்டு ஒரே பத்தியாக அடுக்கப்பட்டிருந்தன. பிறப்புச் சான்றிதழ், ஆதார், பான், ஓட்டுநர் உரிமம், பத்தாம் அல்லது பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட் என ஆறு. பிறகு முகவரிக்கு இன்னொரு பட்டியல். அப்படியே தமிழாக்கினால் பத்துப் பன்னிரண்டு ஆவணம் வேண்டும் என்று தோன்றும். பாஸ்போர்ட் இல்லையே என்று கவலைப்பட்டவர்கள் இருக்கிறார்கள். முதல் பட்டியலில் ஏதேனும் ஒன்று, இரண்டாவது பட்டியலில் ஏதேனும் ஒன்று. மொத்தம் இரண்டு நகல். இதை முதல் வரியில் எழுதிவிட்டு, பிறகு பட்டியலைக் கொடுக்க வேண்டும்.

ஆதார் இரண்டு பட்டியலிலும் இருக்கிறது. ஆனால் சில ஆதார் அட்டைகளில் பிறந்த ஆண்டு மட்டுமே அச்சாகியிருக்கும். மார்ச்சில் பிறந்ததா ஆகஸ்டில் பிறந்ததா என்பதை வைத்தே தகுதி நாள் முடிவாகும்போது, 2007 என்ற எண் மட்டும் எதையும் நிறுவாது. மாணவியின் அட்டையும் அப்படித்தான் இருந்தது. எனவே வயதுக்குப் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், முகவரிக்கு ஆதார் என்று பிரித்துக்கொண்டார்.

முகவரிப் பட்டியலில் மின்சாரம், குடிநீர், எரிவாயு ரசீதுக்குப் பக்கத்தில் ‘குறைந்தது 1 ஆண்டு’ என்று அடைப்புக்குறிக்குள் இருக்கும். ரசீது ஓராண்டுப் பழையதாக இருக்க வேண்டுமா, இணைப்பு ஓராண்டாக இருக்க வேண்டுமா என்பது அந்தச் சொற்களிலிருந்து தெளியாது. மூலத்தில் இருக்கும் தெளிவின்மையை மொழிபெயர்ப்பாளர் தன் விருப்பப்படி தீர்த்துவைக்கக் கூடாது. சொன்னபடியே தமிழில் கொடுத்துவிட்டு, வேறு ஆவணம் இருந்தால் அதைக் கொண்டுபோவது நல்லது என்று தனியாகச் சொல்லலாம். முகவரிச் சான்று, அதே முகவரியில் ஏற்கெனவே வாக்காளராக உள்ள தாய் அல்லது தந்தை பெயரில் இருந்தாலும் ஏற்கப்படும்.

செல்ஃப் அட்டெஸ்டட் என்பதற்குச் சுய சான்றொப்பம் என்று எழுதினால் பாதிப் பேருக்குப் புரியாது. கெசட்டட் அலுவலரைத் தேட வேண்டுமோ என்று கேட்பார்கள். ‘நகலில் நீங்களே கையெழுத்துப் போட வேண்டும்’ என்றால் போதும். புகைப்படத்தில் இதற்கு நேர் எதிர். 4.5 செ.மீ. உயரம், 3.5 செ.மீ. அகலம், வெள்ளைப் பின்னணி, அதன்மேல் கையெழுத்துப் போடக் கூடாது. நகலில் போடு, படத்தில் போடாதே என்ற இரண்டையும் அடுத்தடுத்த வரிகளில் எழுதினால் குழப்பம் வராது.

பெயர் விஷயத்தில் தமிழர்களுக்கே உரிய ஒரு தொல்லை இருக்கிறது. படிவத்தில் பெயரும் குடும்பப் பெயரும் தனித்தனிக் கட்டம். நமக்கு இருப்பது முன்னெழுத்து. ஆதாரில் தந்தை பெயர் விரித்து எழுதப்பட்டிருக்கும், மதிப்பெண் சான்றிதழில் ஒற்றை எழுத்தாக இருக்கும். இரண்டு நகலையும் பக்கத்தில் வைத்து, எப்படி எழுதப்போகிறோம் என்று முன்பே முடிவு செய்து, தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரே வடிவில் எழுத வேண்டும். தமிழ்ப் பெயரைத் தானே எழுத்துக்கூட்டி எழுதாவிட்டால் வேறு யாரோ தட்டச்சு செய்யும் வடிவமே பட்டியலில் ஏறும்.

கையில் கொடுத்த தாள்கள் இரண்டு

ஒரே தாளில் மொழிபெயர்ப்பையும் அறிவுரையையும் கலந்து கொடுத்தால் எது அரசு சொன்னது, எது நாம் சேர்த்தது என்று பிரிக்க முடியாது. அந்தத் தாள் நாளைக்கு வேறொருவர் கைக்குப் போகும், அவருடைய பிறந்த தேதி வேறாக இருக்கும். எனவே முதல் தாளில் அறிவிப்பின் தமிழ் வடிவம் மட்டும்:

> 01.01.2025-ஐத் தகுதி ஏற்படுத்தும் நாளாகக் கொண்ட வாக்காளர் பட்டியல் சிறப்பு சுருக்கமுறைத் திருத்தம்
>
> வரைவுப் பட்டியல் வெளியீடு: 29.10.2024.
>
> பெயர் சேர்க்க, நீக்க, திருத்த விண்ணப்பம் கொடுக்கும் காலம் (கோரிக்கைகள் மற்றும் ஆட்சேபணைகள்): 29.10.2024 முதல் 28.11.2024 வரை.
>
> வாக்குச்சாவடிகளில் சிறப்பு முகாம் (விண்ணப்பம் பெறுவதற்கு, வாக்குப்பதிவு அல்ல): 16.11.2024 சனி, 17.11.2024 ஞாயிறு, 23.11.2024 சனி, 24.11.2024 ஞாயிறு.
>
> விண்ணப்பங்கள்மீது முடிவு எடுக்கக் கடைசி நாள்: 24.12.2024.
>
> இறுதிப் பட்டியல் வெளியீடு: 06.01.2025.
>
> 01.04.2025, 01.07.2025, 01.10.2025 ஆகிய நாட்களில் 18 வயது நிறைந்திருப்பவர்களும் இப்போதே முன்கூட்டி விண்ணப்பிக்கலாம்.
>
> புதிதாகப் பெயர் சேர்க்க: படிவம் 6. இணைக்க வேண்டியவை: வயதுச் சான்று ஏதேனும் ஒன்று, முகவரிச் சான்று ஏதேனும் ஒன்று (நகலில் விண்ணப்பதாரரின் கையெழுத்துடன்), புகைப்படம் ஒன்று.
>
> இணையவழி: voters.eci.gov.in. உதவிக்கு: 1950. அலுவலகத் தொலைபேசி: [படத்தில் தெளிவில்லை]

இரண்டாவது தாள் மாணவிக்கு மட்டும். அதில் எழுதியது: உங்கள் தகுதி நாள் 01.04.2025. இப்போது கொடுக்கலாம், ஜனவரிப் பட்டியலில் பெயர் வராது, அது இயல்பு. உங்கள் பெற்றோரின் வாக்காளர் அடையாள அட்டை எண்ணைக் கேட்டு வாங்குங்கள், படிவத்தில் குடும்பத்தினர் எண்ணுக்கு ஒரு கட்டம் உண்டு. அந்த எண்ணைக் கொண்டு electoralsearch.eci.gov.in தளத்தில் தேடினால் பாகம் எண்ணும் வாக்குச்சாவடியின் பெயரும் தெரியும். உங்கள் முகாம் அந்த இடத்தில்தான். 16 அல்லது 17-ஆம் தேதி ஊருக்குப் போனால், ஏதாவது விடுபட்டிருந்தாலும் 23, 24 மீதியிருக்கும். கடைசி வாரத்துக்கு விட்டால் அந்த வாய்ப்பு இல்லை.

ஊருக்குப் போக முடியாவிட்டால் இணையத்தில் கொடுக்கலாம். அதற்கும் அறிவிப்பிலேயே வழி இருந்தது. எந்த வழியில் கொடுத்தாலும் ஒப்புகை எண் வாங்காமல் எழுந்திருக்கக் கூடாது. தாளில் கொடுத்தால் படிவத்தின் அடியில் இருக்கும் ஒப்புகைச் சீட்டைக் கிழித்து, வாங்கியவரின் கையெழுத்தோடு பெற வேண்டும்.

கொடுத்த பின் நடப்பதை அறிவிப்பு சொல்லவில்லை, மாணவி முதலில் கேட்ட மூன்றில் அது இல்லை, பிறகு கேட்டார். வாக்குச்சாவடி நிலை அலுவலர் முகவரிக்கு வந்து பார்ப்பார். வந்த விண்ணப்பங்களின் பட்டியல் பொதுமக்கள் ஆட்சேபிக்க வசதியாகப் படிவம் 9-ல் வெளியிடப்படும், 7 நாட்கள் போன பிறகே முடிவு. சந்தேகம் இருந்தால் விசாரணைக்கு அழைத்து நோட்டீஸ் வரும். விடுதி மாணவருக்கு இங்கேதான் தவறும். நோட்டீஸ் ஊர் முகவரிக்குப் போகும், வீட்டில் அதை ஏதோ ஒரு கடிதமென்று எடுத்துவைத்துவிடுவார்கள். வீட்டில் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். மறுக்கப்பட்டால் 15 நாட்களுக்குள் மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் மேல்முறையீடு செய்யலாம்.

இந்தத் தமிழாக்கம் எதுவரை செல்லும்

28.11.2024 என்பது அந்தத் திருத்தத்தின் கடைசி நாள்தான். அதன் பிறகு படிவம் 6 வாங்கமாட்டார்கள் என்று பொருளில்லை. பட்டியல் ஆண்டு முழுவதும் தொடர்ந்து திருத்தப்படுகிறது. தேர்தல் வந்தால் மட்டும், வேட்புமனு கொடுக்கக் கடைசி நாளுக்குப் பிறகு அந்தத் தேர்தல் முடியும் வரை பெயர் சேர்க்கச் சட்டம் இடம் தருவதில்லை. இந்தக் குறிப்பு இரண்டாவது தாளில்தான் இருந்தது. முதல் தாளில் சேர்த்திருந்தால் அறிவிப்பு சொல்லாத ஒன்றை அது சொன்னதாகிவிடும்.

இதே படம் ஓராண்டு கழித்தும் குழுக்களில் சுற்றும். நவம்பர் வந்தால் நவம்பர் படம் மறுபடி உயிர்பெறும். அந்த நாளில் அதை நம்பிப் போனால் தேதிகள் மட்டுமல்ல, நடைமுறையே மாறியிருக்கலாம். 2025 நவம்பர் 4 அன்று தமிழ்நாட்டில் தொடங்கியது சுருக்கமுறைத் திருத்தம் அல்ல, சிறப்புத் தீவிரத் திருத்தம். வீடு வீடாகக் கணக்கெடுப்புப் படிவம் கொடுத்து வாங்கினார்கள். புதிய வாக்காளர் படிவம் 6-உடன் தனி உறுதிமொழிப் படிவமும் தர வேண்டியிருந்தது. பழைய தமிழாக்கத் தாளை வைத்துக்கொண்டு போனவருக்கு அந்த உறுதிமொழிப் படிவம் பற்றி ஒரு சொல்கூடத் தெரிந்திருக்காது.

அதனால் மாணவிக்குக் கொடுத்த முதல் தாளின் தலைப்பில் தகுதி நாளைத் தடித்த எழுத்தில் போட்டதோடு, கடைசி வரியாக இன்னொன்றும் சேர்த்தோம். அறிவிப்பின் வாசகம் அல்ல என்று தெரியும்படி கோடிட்டுப் பிரித்து எழுதியது: ‘இது 2024 நவம்பரில் எடுத்த படத்தின் தமிழ் வடிவம். 28.11.2024-க்குப் பிறகு இதைப் படிப்பவர் 1950-ஐ அழைத்துப் புதிய தேதிகளையும் தேவையான படிவங்களையும் கேட்டுக்கொள்ளவும்.’